குளத்து உணவு வலையில் சேற்றுக்கு எங்கே இடம்?

வகுப்பறைச் சுவரில் ஒட்டும் குளத்து உணவு வலைப் படம் சரியா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. எழுத்தை விட்டுவிட்டு அம்புக்குறிகளை மட்டும் பாருங்கள். பாசியிலிருந்து நீர்த்தெள்ளு என்னும் மிகச் சிறிய நீர்வாழ் உயிருக்கு, நீர்த்தெள்ளிலிருந்து மீன்குஞ்சுக்கு, மீனிலிருந்து மீன்கொத்திக்கு என்று அம்பு போனால் வரைந்தவருக்கு விஷயம் தெரியும். மீன்கொத்தியிலிருந்து மீனை நோக்கி அம்பு பாய்ந்தால், அவர் வரைந்திருப்பது வேட்டையை. பிள்ளைகளை வரையச் சொன்னாலும் முதலில் அப்படித்தான் வரைவார்கள். பறவை பாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, உணவு கைமாறுவது தெரிவதில்லை. உணவு வலையில் அம்புக்கு ஒரே பொருள்தான்: இந்த உடலில் இருந்த உணவும் ஆற்றலும் அந்த உடலுக்குப் போயிற்று.

அடுத்துப் பார்க்க வேண்டியது, செத்தவற்றை மட்கச் செய்யும் சிதைப்பவைகளுக்குக் கிடைத்திருக்கும் இடம். பெரும்பாலான படங்களில் கீழ்மூலையில் ஒரு காளானும் ஒரு மண்புழுவும் இருக்கும். இரண்டுமே குளத்துக்குள் வாழ்வன அல்ல. மீன்கொத்தியிலிருந்து அந்தக் காளானுக்கு ஒற்றை அம்பு இறங்கும். அதைப் பார்க்கும் பிள்ளை, எல்லாம் முடிந்து கடைசியில் பறவையும் செத்த பிறகுதான் சிதைப்பவைகளுக்கு வேலை வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். உண்மை நேர்மாறானது. குளத்தில் வளரும் பெரிய செடிகளில் பெரும்பங்கை உயிரோடு இருக்கும்போது யாரும் தின்பதில்லை. வாடி, முறிந்து, சேற்றில் விழுந்த பிறகுதான் அது உணவாகிறது. மீன்கொத்தி என்றைக்கோ ஒருநாள் சாகும். அல்லி இலை தினமும் விழுகிறது.

அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சிறிய சதுப்பு ஏரி ஒன்றை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன், ஆற்றல் உயிரினம் விட்டு உயிரினம் போகும் வழியைக் கணக்கிட்ட கட்டுரை 1942-இல் வெளிவந்தது. அச்சில் வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். ஏரியின் உணவு ஓட்டத்தைக் காட்ட அவர் வரைந்த படத்தில் நட்டநடுவே இருந்தது பறவையோ மீனோ அல்ல, ஏரிச் சேறு. பள்ளிப் படங்களை வரைபவர்கள் அந்தச் சேற்றை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சார்ட் எழுத உட்கார்ந்தபோது, சேற்றை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்தோம். இந்தப் பிள்ளைகள் வாரநாள் பள்ளியில் 5ஆம் வகுப்பிலேயே உணவுச் சங்கிலியையும் 6ஆம் வகுப்பில் உணவு வலையையும் ஆங்கிலத்தில் படித்துவிடுகிறார்கள். அதையே தமிழில் ஒருமுறை ஒப்பிப்பதில் பயனில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு குளத்தைக் காட்ட வேண்டும்.

பக்கத்துக் குளம் என்றால் இங்கே ‘டேம்’தான். வெருலம், டொங்காட் பக்கம் கரும்புக் காடுகளுக்கு இடையே பள்ளத்தில் மண்கரை போட்டு நீரைத் தேக்கியிருப்பார்கள். ஓரத்தில் சம்பங்கோரை, நீர்மேல் நீல அல்லி, கவனிக்காமல் விட்ட இடங்களில் ஆகாயத்தாமரை. பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளும் உற்பத்தியாளர்களே. குளத்து நீர் இளம்பச்சையாகத் தெரிந்தால் அது அவற்றின் நிறம். இந்தப் பகுதியில் எழுதுபவர் தவிர்க்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: ‘செடிகள் சேற்றிலிருந்து உணவை உறிஞ்சுகின்றன.’ சேற்றிலிருந்து செடிக்குக் கிடைப்பவை நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள். உணவை அது வெயிலையும் நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு தானே தயாரிக்கிறது. இந்த வேறுபாட்டை இங்கே தெளிவாக்காமல் விட்டால், பின்னால் சிதைப்பவைகளைப் பற்றிச் சொல்லும்போது எல்லாம் குழம்பிவிடும்.

நுகர்வோரில் எங்கள் படத்தின் நாயகன் திலேப்பியா. தமிழ்நாட்டுக் குளங்களில் ஜிலேபி கெண்டை என்று விற்கும் அதே மீன். அங்கே அது 1952-இல் கொண்டுபோய் விடப்பட்ட அந்நிய மீன். இந்தப் பக்கத்து ஆறுகளுக்கோ அது சொந்தக்காரன். பெண்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தது வேறு காரணத்துக்காக. திலேப்பியா பாசியைச் சுரண்டித் தின்னும், பூச்சிகளின் புழுக்களைத் தின்னும், சேற்றில் மட்கிக் கிடப்பதையும் அள்ளித் தின்னும். ‘முதல்நிலை நுகர்வோர், இரண்டாம்நிலை நுகர்வோர்’ என்று தட்டுத் தட்டாக அடுக்கி வைத்த படத்தில் இதற்கு ஓர் இடம் கொடுக்க முடியாது. மூன்று அம்புகள் அதை நோக்கி வரவேண்டும். நாம் ஏணியை விட்டு வலையை வரைவதே இதற்காகத்தான்.

இன்னொன்று தும்பியின் இளம்பருவம். மேலே பறக்கும் தும்பியைத் தெரியாத பிள்ளை இல்லை, நீருக்குள் அது மாதக்கணக்கில் வேட்டைக்காரனாக வாழ்ந்ததை அறிந்தவர்கள் குறைவு. ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டுப் பார்த்தால் அது அசையாமல் அடியில் கிடக்கும், சேற்று நிறத்தில், குச்சி போல. கொசுப்புழு ஒன்று நெளிந்துகொண்டு அருகே வந்ததும், முகத்தின் அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு ஒரு கை போல வெளியே பாயும். நுனியில் இரண்டு கொக்கிகள். புழு அந்த நொடியே வாய்க்குள் போய்விடும். சில நேரம் மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும்கூட மாட்டும். அதே மீன் வளர்ந்த பிறகு தும்பியின் இளசைத் தின்னும். ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு அம்புகள் வருகின்றன. படம் வரைந்த பெண் அதைப் பிழையென்று நினைத்து ஒன்றை அழிக்கப் போனாள், அழிக்க வேண்டாம் என்றோம்.

இனி சேற்றுக்கு வருவோம். ஓர் அல்லி இலையைத் தொடர்ந்து போவதுதான் எளிது. இலை மஞ்சளாகி நீரில் அமிழ்ந்ததும், முதல் சில நாட்களில் அதிலுள்ள சர்க்கரையும் துவர்ப்புச் சாறும் நீரில் கரைந்து வெளியேறும். ஜாடியில் இலையைப் போட்டு வைத்தால் நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவது இதனால்தான். பிறகு பாக்டீரியாவும் நீர்ப்பூஞ்சைகளும் இலையின்மேல் குடியேறும். தொட்டால் வழவழக்கும் அந்தப் படலம் அழுக்கல்ல, உயிர்க்கூட்டம். பூஞ்சையின் இழைகள் இலைக்குள் ஊடுருவி, அதன் உறுதியான பகுதிகளைக் கரைத்து இளக்கும். இப்படி இளகிய இலையைத்தான் நத்தையும் புழுவும் விரும்பித் தின்கின்றன. அவை இலையைத் துணுக்காக்கும், எச்சத்தைச் சேற்றில் விடும், அதன்மேல் மறுபடி பாக்டீரியா ஏறும். கடைசியில் நரம்புகள் மட்டும் வலைபோல் மிஞ்சும்.

இங்கே படம் எழுதுபவர் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். இலையைக் கடித்துத் தின்னும் நத்தையும், சேற்றில் இருக்கும் சிவப்புப் புழுவும் சிதைப்பவைகளா? கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. அவை மட்கியதைத் தின்னும் நுகர்வோர். வாயால் தின்று வயிற்றுக்குள் செரிக்கின்றன. பாக்டீரியாவும் பூஞ்சையும் செரிக்கும் சாற்றை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சுகின்றன. செத்த உடலில் இருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்குத் திருப்பும் வேலையில் பெரும்பகுதி அவற்றினுடையது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தேவையா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. தேவை என்றே நினைக்கிறேன். புழுவைச் சிதைப்பவை என்று எழுதிவிட்டால் பிள்ளை புழுவோடு நின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாததைத் தேடாது.

அடுத்த சிக்கல் அம்புகளின் நிறம். ‘சிதைப்பவைகள் எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்கின்றன’ என்று எழுதிச் சேற்றிலிருந்து பாசிக்கு அதே நிறத்தில் ஓர் அம்பு போட்டால் வட்டம் அழகாக முடியும். ஆனால் அது பொய். திரும்பிப் போவது சத்து மட்டுமே, ஆற்றல் திரும்புவதில்லை. ஒவ்வோர் உயிரும் நீந்துவதற்கும் மூச்சு விடுவதற்கும் உடலைப் பழுது பார்ப்பதற்கும் ஆற்றலைச் செலவிட்டு வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சேர்வது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. பாசியில் 1000 பங்கு ஆற்றல் இருந்தால் நீர்த்தெள்ளின் உடலில் 100, அதைத் தின்னும் மீன்குஞ்சில் 10, மீன்கொத்தியில் 1. இடத்துக்கு இடம் இந்த விகிதம் கூடும், குறையும். ஆனாலும் ஒரு டேமில் பாசி கோடிக்கணக்கிலும் மீன்கொத்தி ஒரு ஜோடியுமாக இருப்பது ஏன் என்று விளக்க இது போதும். ஆற்றலுக்குச் சிவப்பு அம்பு, சத்துக்குப் பழுப்பு அம்பு என்று பிரித்தோம். சிவப்பு சூரியனில் தொடங்கி எங்கேயோ தீர்ந்துவிடும். பழுப்பு சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிதைப்பவைகளின் வேலை சாதாரண நாட்களில் யார் கண்ணிலும் படாது. அது கண்ணில் படும் நாள் ஒன்று உண்டு, அன்றைக்கு மீன் சாகும். இப்படி வைத்துக்கொள்வோம்: கோடைமழையில் கரும்புக்குப் போட்ட உரம் கரைந்து டேமுக்கு வருகிறது. ஆகாயத்தாமரைக்கு விருந்து, சில வாரங்களில் நீர்ப்பரப்பு முழுவதும் மூடிக்கொள்கிறது. அடியில் வெயில் போகாததால் நுண்பாசிகள் ஆக்சிஜன் தயாரிப்பது குறைகிறது. தோட்டக்காரர் பிப்ரவரி வெக்கையில் ஒரே நாளில் மொத்தத்துக்கும் களைக்கொல்லி அடிக்கிறார். செடிகள் பழுப்பாகி, கொஞ்சம் கொஞ்சமாக அடியில் அமிழ்கின்றன. சேற்றுப் பாக்டீரியாவுக்கு இதைப்போல் ஒரு சாப்பாடு கிடைத்ததே இல்லை. அவை பெருகுகின்றன, பெருகும்போது மூச்சு விடுகின்றன.

கணக்கைப் பாருங்கள். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. உலர்ந்த செடிப்பொருள் ஒரு கிராம் முழுதாகச் சிதைய ஏறத்தாழ ஒரு கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதாவது ஒரு கிராம், 125 லிட்டர் நீரின் ஆக்சிஜனை ஒட்டக் குடித்துவிடும். ஆகாயத்தாமரையில் பெரும்பகுதி நீர்தான். நூற்றுக்கு ஐந்து பங்கு உலர்பொருள் என்று வைத்தாலும், ஒரு கிலோ பச்சைச் செடி 6,250 லிட்டருக்குச் சமம். காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருப்பதால் உண்மையில் இத்தனை மோசமாக ஆகாது. ஆனால் ஒரே வாரத்தில் பல டன் செடி மடிந்தால் அந்த வரவு செலவுக்கு ஈடுகொடுக்காது.

இரவில் நிலைமை இன்னும் முற்றும். வெயில் இல்லாததால் ஆக்சிஜன் உற்பத்தி நின்றுவிடும், மூச்சு விடுவது மட்டும் நடக்கும். விடியலுக்குச் சற்று முன்னால் நீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் திணறும். கரையில் நின்று பார்த்தால் திலேப்பியாக்கள் மேலே வந்து வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடும். மேற்பரப்பின் மெல்லிய நீர்ப்படலத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் அதிகம், அதைத்தான் குடிக்கின்றன. காலை ஏறியதும் பெரிய மீன்கள் வயிறு மேலாக மிதக்கும்.

உடனே அக்கம்பக்கத்தில் ‘யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு எழும். வேறுபடுத்திப் பார்க்கச் சில தடயங்கள் உண்டு. ஆக்சிஜன் குறைவால் செத்தால், முதலில் போவது பெரிய மீன்கள், போகும் நேரம் விடியற்காலை. நுரையீரலால் மூச்சு விடும் பிளாட்டனா தவளை பிழைத்திருக்கும். காற்றை விழுங்கத் தெரிந்த பார்பல் கெளுத்தியும் பிழைத்திருக்கும். நீருக்கு மேல் வந்து காற்றெடுக்கும் வண்டுகளும் நீந்திக்கொண்டிருக்கும். விஷம் என்றால் வேளை பார்க்காது. பெரிது சிறிது என்றும் பார்க்காது, பூச்சிகளும் சேர்ந்து சாகும். நீரின் வாடையும் சொல்லும்: அழுகிய முட்டை வாடை அடித்தால் சேற்றில் ஆக்சிஜன் அற்றுப்போய், அது தேவையில்லாத வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொண்டன என்று பொருள். தோட்டக்காரர் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்து, இடையில் சில வாரம் விட்டு மருந்தடித்திருந்தால், அல்லது செடியை வாரிக் கரைக்கு மேலே போட்டிருந்தால் இது நடந்திருக்காது. தென்னாப்பிரிக்காவில் 1974 முதல் ஆகாயத்தாமரையைத் தின்னும் சிறு கூன்வண்டுகளை விட்டு வருகிறார்கள். இலையின்மேல் நகத்தால் சுரண்டியது போன்ற சிறுசிறு வெளுத்த தழும்புகள் இருந்தால் அந்த வண்டு அங்கே இருக்கிறது. எங்கள் படத்தில் அதற்கும் ஓர் அம்பு உண்டு.

இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது ஒரு சிறுமி கேட்டாள்: “ஆன்ட்டி, பாக்டீரியா எல்லாத்தையும் சாப்பிடுது சரி, பாக்டீரியாவை யார் சாப்பிடுறது?” நல்ல வேளை, பதில் இருந்தது. பரமீசியம் போன்ற ஒற்றைச் செல் உயிர்கள் பாக்டீரியாவை விழுங்குகின்றன, அவற்றை நீர்த்தெள்ளு வடிகட்டித் தின்கிறது, நீர்த்தெள்ளை மீன்குஞ்சு தின்கிறது. சேற்றிலிருந்து சிவப்பு அம்பும் கொஞ்சம் மேலே ஏறுகிறது என்பது இதனால்தான். செத்த இலையின் ஆற்றலில் ஒரு சிறு பங்கு மீன்கொத்தி வரை போய்ச் சேரும். அன்றைக்கு வரைவதை நிறுத்திவிட்டு அந்த அம்புக்கு இடம் தேடினோம்.

சார்ட்டில் கடைசியாக நின்ற எழுத்து இது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் வாசிக்க முடிய வேண்டும் என்பது மட்டுமே விதி.

> இது நம் டேம். இங்கே யார் யாருக்கு உணவு?
>
> அம்பு எந்தப் பக்கம் போகிறதோ, உணவும் அந்தப் பக்கம் போகிறது.
>
> உற்பத்தியாளர்: பாசி, நீல அல்லி, சம்பங்கோரை. நாங்கள் வெயிலில் எங்கள் உணவை நாங்களே செய்கிறோம்.
>
> நுகர்வோர்: நீர்த்தெள்ளு, நத்தை, தும்பியின் குட்டி, திலேப்பியா, மீன்கொத்தி. நாங்கள் மற்றவற்றைத் தின்று வாழ்கிறோம். திலேப்பியா பாசியும் தின்னும், புழுவும் தின்னும், சேறும் தின்னும்!
>
> சிதைப்பவை: பாக்டீரியா, பூஞ்சை. எங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. இலை வழவழ என்று இருக்கிறதா? அங்கே நாங்கள் இருக்கிறோம். செத்த இலையையும் செத்த மீனையும் கரைத்துச் சத்தைச் செடிக்குத் திருப்பித் தருகிறோம்.
>
> சிவப்பு அம்பு ஆற்றல். அது சூரியனிலிருந்து வருகிறது, வெப்பமாகப் போய்விடுகிறது. பழுப்பு அம்பு சத்து. அது சுற்றிச் சுற்றி வருகிறது.
>
> கேள்வி: டேமில் உள்ள செடி எல்லாம் ஒரே நாளில் செத்தால் மீனுக்கு என்ன ஆகும்?

கேள்விக்கு விடையை எழுதவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் ‘மீனுக்குச் சாப்பாடு இருக்காது’ என்பார்கள். அதுவும் தவறில்லை, ஆனால் பட்டினிக்கு முன்னால் மூச்சு முட்டும். அதைச் சொல்ல வைப்பது ஆசிரியரின் வேலை.

படத்தின் அடியில் தடித்த எழுத்தில் ‘டேமில் இறங்காதே’ என்ற வரியும் உண்டு. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலின் தேங்கிய நீர்களில் பில்ஹார்சியா இருக்கிறது. அந்த ஒட்டுண்ணியின் இளம்புழுக்கள் சிலவகை நன்னீர் நத்தைகளுக்குள் பெருகி, நீருக்குள் வெளியேறி, நம் தோலைத் துளைத்து உள்ளே போகும். உணவு வலையில் மனிதனும் ஒரு பெட்டிக்குள் நிற்பது அந்த வழியில்தான். நத்தையிலிருந்து மனிதனை நோக்கி அம்பு போடாமல், மனிதனிலிருந்து ஒட்டுண்ணியை நோக்கி அம்பு போட்டு, அவனை ஒட்டுண்ணிக்கு உணவாக வரைந்தோம். வகுப்புக்கு ஜாடி நீர் வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் ரப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, நீளக் கைப்பிடி உள்ள வலையால் கரையிலிருந்தே எடுப்பார். வெளியேறிய புழுக்கள் இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை, ஆகவே ஜாடியை இரண்டு நாள் வைத்திருந்த பிறகே பிள்ளைகள் கிட்டே வரலாம். நத்தை ஒன்றாவது ஜாடிக்குள் கிடந்தால் அந்தக் கணக்கு செல்லாது, அது புதிது புதிதாகப் புழுவை விட்டுக்கொண்டே இருக்கும். எனவே முதல் வேலையாக நத்தைகளைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். நத்தையைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.